என் கையெழுத்து இல்லாத நாளுக்கு ஒரு நோட்டு

வீட்டின் வங்கிக் கணக்குகள், காப்பீடுகள், கடவுச்சொற்கள், தொடர்பு எண்கள் ஆகியவற்றை ஓரிடத்தில் எழுதி வைக்கும் வேலையைச் சென்ற கார் பருவ நெல் சாகுபடியின்போது தொடங்கினேன். மார்கழியில் எனக்குப் பித்தப்பை அறுவைச் சிகிச்சை நடந்தது. அந்த நாட்களில் மருத்துவமனை முன்பணம், காப்பீட்டு அனுமதி, கூட்டுறவுச் சங்க நகைக்கடன் வட்டி, மின்கட்டணம் ஆகிய எல்லாவற்றையும் என் கணவர் அந்த நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு, என்னை ஒன்றும் கேட்காமல் முடித்தார். நோட்டு இப்போது வேலை செய்கிறது என்று சொல்லும் தைரியம் அதன்பிறகுதான் வந்தது. அதுவரை அது எடுத்த வடிவங்களையும், அவை எங்கே உதவாமல் போயின என்பதையும் வரிசையாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு நிலைமையை முதலில் சொல்ல வேண்டும். நான் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். என் கணவர் சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல் பயிரிடுகிறார். சம்பளம், காப்பீட்டுத் தவணை, பள்ளிக் கட்டணம் எல்லாம் என் கைபேசி வழியாகப் போய்விடும். குத்தகை, கைமாற்று, உரக்கடைப் பாக்கி எல்லாம் அவர் மனத்தில் இருக்கும். இருவரில் யார் படுத்தாலும் மற்றவருக்குப் பாதி வீடுதான் தெரியும்.

முதல் வடிவம் கணினியில் செய்த ஒரு அட்டவணை. நிறுவனத்தின் பெயர், கணக்கு எண், கிளை, நியமனதாரர், தொடர்பு எண் என்று நிரல்கள் போட்டு, வங்கிகளை ஓரிடத்திலும் காப்பீடுகளை ஓரிடத்திலும் அடுக்கினேன். தொழில்முறையில் பார்த்தால் அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அச்சிட்டு என் கணவரிடம் கொடுத்தபோது அவர் முழுவதையும் நிதானமாகப் படித்துவிட்டு, "எல்லாம் எழுதியிருக்க, சரி. ராத்திரி ஒரு மணிக்கு நான் எந்தப் பக்கத்தைத் திறக்கணும்?" என்று கேட்டார். அட்டவணையில் அதற்கு விடை இல்லை. அது சொத்துகளின் வரிசையில் இருந்தது; அவர் செய்ய வேண்டிய வேலைகளின் வரிசையில் இல்லை.

ஆகவே அதை விட்டுவிட்டு, 200 பக்க நீள நோட்டு ஒன்றை வாங்கி, காலத்தை வைத்துப் பிரித்தேன். முதல் பகுதிக்கு 'முதல் நாள்' என்று பெயர். அதில் மருத்துவமனை, காப்பீட்டு அட்டை, உடனடிப் பணம், யாரை அழைப்பது என்பவை மட்டும் இருக்கும். அடுத்தது 'முதல் மாதம்'. எந்தத் தேதியில் எந்தப் பணம் எந்தக் கணக்கிலிருந்து போகும் என்பது அதில் வரும். மூன்றாவது பகுதி இறப்புக்குப் பிறகு செய்ய வேண்டியவை. இந்த மூன்றாவதை எழுதும்போது என் கணவருக்கு மனம் ஒப்பவில்லை. அந்தப் பகுதியில் அவரவர் பக்கத்தை அவரவர் எழுதுவோம் என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தார்.

எழுதுவதற்கு முன் என்னென்ன இருக்கின்றன என்று திரட்ட வேண்டுமே. நினைவிலிருந்து எழுதினால் விட்டுப்போகும் என்பதால், ஒவ்வொரு கணக்குக்கும் பதின்மூன்று மாத விவரப் பட்டியலை எடுத்து, பற்று வைத்த ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இது எதற்கு என்று பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தேன். பன்னிரண்டு மாதம் போதாதா என்று தோன்றலாம். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் பிடிக்கப்படும் தொகைகளின் தேதி சில நாட்கள் முன்பின்னாக நகரும். ஒரு மாதம் கூடுதலாக எடுத்தால்தான் அவை தப்பாமல் சிக்கும்.

இந்த வேலையில்தான் மிகுதியான பயன் கிடைத்தது. என் கணவரின் கணக்கில் மே மாதக் கடைசியில் 20 ரூபாயும் 436 ரூபாயும் பிடிக்கப்பட்டிருந்தன. வங்கிக் கட்டணம் என்று இத்தனை ஆண்டுகளாக நினைத்திருந்தோம். 20 ரூபாய் என்பது பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தின் ஆண்டுத் தவணை. 436 ரூபாய் ஆயுள் காப்பீட்டுத் திட்டத்தின் ஆண்டுத் தவணை. இரண்டிலும் காப்பீட்டுத் தொகை 2 லட்சம் ரூபாய். இரண்டும் ஜூன் 1 முதல் மே 31 வரையிலான ஓராண்டுக்குச் செல்லும். கையில் பத்திரம் ஒன்றும் இல்லாததால், பாஸ்புக்கில் உள்ள அந்த ஒரு வரிதான் குடும்பத்துக்குக் கிடைக்கும் துப்பு. அதே 436 ரூபாய் அவருடைய இன்னொரு வங்கிக் கணக்கிலும் பிடிக்கப்பட்டிருந்தது. எத்தனை கணக்கில் பிடித்தாலும் ஒருவருக்கு 2 லட்சம் மட்டுமே கிடைக்கும் என்பதால், அந்த வங்கியில் எழுதிக் கொடுத்து அதை நிறுத்தினோம். ஆயுள் திட்டத்தில் 50 வயதுக்குள் சேர வேண்டும், 55 வயது வரைதான் காப்பீடு தொடரும். விபத்துத் திட்டம் 70 வயது வரை உண்டு. அவருக்கு 55 நிறைவடையும் ஆண்டை நோட்டில் அந்த வரிக்கு எதிரே எழுதி வைத்திருக்கிறேன்.

பட்டியல் முழுமையானதும் வேலை முடிந்தது என்று எண்ணி, ஒரு சூழ்நிலையை எடுத்துக்கொண்டு தாளில் நடத்திப் பார்த்தேன். நான் நினைவில்லாமல் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறேன், மருத்துவமனை 75,000 ரூபாய் முன்பணம் கேட்கிறது, என் சம்பளக் கணக்கில் அதைவிடக் கூடுதலாகப் பணம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டேன். நோட்டில் அந்தக் கணக்கின் எண்ணும் கிளையும் இருந்தன. நியமனதாரர் என்று என் கணவர் பெயரும் இருந்தது. ஆனால் அந்தக் கிளைக்கு அவர் போனால் ஒரு ரூபாய்கூடப் பெற முடியாது. நியமனம் என்பது கணக்குதாரர் இறந்த பிறகுதான் உயிர்பெறும். அவர் உயிரோடு இருக்கும்வரை, எவ்வளவு மோசமான நிலையில் இருந்தாலும், நியமனதாரருக்கு அந்தக் கணக்கில் எந்த உரிமையும் இல்லை.

இதற்கு என்ன வழி என்று தேடியதில் மூன்று செய்திகள் தெரிந்தன. கையெழுத்துப் போட முடியாத நோயாளியின் பெருவிரல் அல்லது கால்விரல் ரேகையை, வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்டினால் ஏற்கலாம், அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் பணத்தை யார் எடுக்கலாம் என்று நோயாளி குறிப்பிட்டுக் காட்ட வேண்டும் என்பதால், நினைவே இல்லாதவருக்கு இது உதவாது. அடுத்தது பொது அதிகாரப் பத்திரம். பலரும் இதை நம்பியிருக்கிறார்கள். அதிகாரம் கொடுத்தவர் மனநிலை தவறினாலோ இறந்தாலோ அந்த முகவாண்மை முடிந்துவிடும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு சொல்கிறது. நமக்கு அது மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது நம்மைக் கைவிடும். மூன்றாவது நீதிமன்றம். கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைக் காப்பாளராக நியமித்து, அவருடைய சொத்தை விற்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் அனுமதி கொடுத்திருக்கிறது; முதலில் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லப்பட்டு, மேல்முறையீட்டில் கிடைத்த அனுமதி அது. முதல் வாரத்து மருத்துவச் செலவுக்கு அந்த வழியை நம்பி இருக்க முடியாது.

நோட்டு தகவலைத் தரலாமே தவிர அதிகாரத்தைத் தராது என்பது இங்கேதான் எனக்குத் தெளிவானது. எழுதுவதை அப்படியே நிறுத்திவிட்டு, கணக்குகளையே மாற்றும் வேலையில் இறங்கினேன். ஒரு சேமிப்புக் கணக்கை இருவர் பெயரிலும், 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற இயக்கமுறையில் தொடங்கினோம். வங்கியில் இதை 'ஈதர் ஆர் சர்வைவர்' என்றே கேட்க வேண்டும். வெறுமனே 'ஜாயின்ட்' என்று சொன்னால், இருவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய முறையில் பதிந்துவிட வாய்ப்பு உண்டு. அப்படிப் பதிந்த கணக்கு, ஒருவர் படுத்தால் இருவருக்கும் பூட்டிக்கொள்ளும். கணக்கு தொடங்கியபின் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் அந்த இயக்கமுறை அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளையை விட்டு வெளியே வர வேண்டும்.

என் சம்பளக் கணக்கில் அவர் பெயரைச் சேர்க்க வங்கி ஒப்பவில்லை. அதனால் சம்பளம் வந்த மூன்றாம் நாள் 30,000 ரூபாய் அங்கிருந்து கூட்டுக் கணக்குக்குத் தானாகப் போகுமாறு நிலையான உத்தரவு எழுதிக் கொடுத்தேன். மின்கட்டணம், காப்பீட்டுத் தவணை, பள்ளிக் கட்டணம் ஆகியவற்றையும் கூட்டுக் கணக்குக்கு மாற்றினேன். அந்தக் கணக்கில் எப்போதும் 1,20,000 ரூபாய்க்குக் குறையாமல் வைத்திருப்பது என்று முடிவு செய்தோம். இரண்டு மாத வீட்டுச் செலவையும் ஒரு மருத்துவமனை முன்பணத்தையும் கூட்டிப் போட்ட கணக்கு அது.

வைப்புநிதியில் இன்னொரு முடிச்சு இருந்தது. எங்கள் இருவர் பெயரிலும் 2 லட்சம் ரூபாய்க்கு ஒரு வைப்பு இருந்தது. அதுவும் 'ஈதர் ஆர் சர்வைவர்' முறைதான். ஆகவே அவசரத்துக்கு அது ஆகும் என்று நம்பியிருந்தோம். அந்த முறை முதிர்வு நாளில் பணம் பெறுவதற்குத்தான் ஒருவர் கையெழுத்தைப் போதுமாக்குகிறது. முதிர்வுக்கு முன்பே உடைக்க வேண்டுமானால் இருவர் கையெழுத்தையும் வங்கி கேட்கலாம். ஒருவர் இறந்துவிட்டாலும், மற்றவரே முன்கூட்டிப் பெறலாம் என்று இருவரும் முன்பே எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய, இறந்தவரின் வாரிசுகள் சம்மதமும் தேவைப்படும். எனவே இரண்டு காரியங்கள் செய்தோம். அந்த எழுத்துமூலச் சம்மதத்தை இருவரும் கையெழுத்திட்டுக் கிளையில் கொடுத்து, நகலில் முத்திரை பெற்று நோட்டில் ஒட்டினோம். பிறகு அந்த வைப்பு முதிர்ந்தபோது, அதை 50,000 ரூபாய் வீதம் நான்காகப் பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒன்று முதிருமாறு போட்டோம். வட்டியில் சிறிது குறைந்தது. உடைக்காமலே பணம் கைக்கு வரும் என்பதற்காக அதை ஏற்றுக்கொண்டோம்.

இறப்புக்குப் பிறகான பகுதிக்கு வந்தபோது, நியமனங்களைத் தாளில் பார்த்தால் போதாது, ஒவ்வொன்றையும் அலுவலகப் பதிவில் என்ன இருக்கிறதென்று பார்க்க வேண்டும் என்று தெரிந்தது. என் பழைய எல்ஐசி பாலிசி திருமணத்துக்கு முன் எடுத்தது. அதில் நியமனதாரர் என் அப்பா. திருமணம் ஆனதால் அது தானாக மாறாது. நாம் மாற்றும்வரை அப்பா பெயர்தான் நிற்கும். வருங்கால வைப்புநிதியில் விதி நேர் எதிரானது. திருமணத்துக்கு முன் கொடுத்த நியமனம் திருமணம் ஆனதுமே செல்லாததாகிவிடும். புதிதாகக் கொடுக்க வேண்டும். நான் கொடுக்கவே இல்லை என்பது பதிவைத் திறந்தபோதுதான் தெரிந்தது. இதில் சேமிப்பு மட்டும் இல்லை. பணியில் இருக்கும்போது உறுப்பினர் இறந்தால் வைப்புநிதியோடு இணைந்த காப்பீட்டிலிருந்து 7 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும், குடும்ப ஓய்வூதியமும் உண்டு. `unifiedportal-mem.epfindia.gov.in` தளத்தில் `E-Nomination` பகுதியில் கணவர், மகள் இருவரின் ஆதார் எண்ணையும் புகைப்படத்தையும் சேர்த்து, ஆதார் வழியாக மின்கையொப்பமிட்டால்தான் அது நிறைவேறும். விவரங்களைச் சேமித்துவிட்டு மின்கையொப்பம் இடாமல் விட்டால் நியமனம் பதிவாகாது. பலருக்கும் அந்த இடத்தில்தான் அரைகுறையாக நின்றுபோகிறது.

அந்தப் பகுதியின் தலைப்பில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதியிருக்கிறேன்: இறந்தவரின் ஏடிஎம் அட்டையையோ செயலியையோ பயன்படுத்திப் பணம் எடுக்கக் கூடாது. ரகசிய எண் தெரியும் என்பதால் அது உரிமையாகிவிடாது. பின்னால் மற்ற வாரிசுகளோடு தகராறு வரும்போது அந்தப் பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும். இறப்புச் சான்றிதழைப் பெற்று, வங்கிக்குத் தெரிவித்து, கூட்டுக் கணக்கில் உயிருடன் இருப்பவராகவோ மற்றதில் நியமனதாரராகவோ விண்ணப்பிப்பதுதான் முறை. நியமனதாரர் வாரிசுகளின் சார்பில் பெற்றுக்கொள்பவரே தவிர, வங்கிப் பணத்துக்கு அதனாலேயே முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்பதையும் அதன்கீழ் எழுதியிருக்கிறேன்.

கடவுச்சொற்கள் பகுதியை மிகப் பெரியதாக இருக்கும் என்று நினைத்து நோட்டில் பத்துப் பக்கம் ஒதுக்கியிருந்தேன். கூட்டுக் கணக்கு வந்த பிறகு அதில் பெரும்பகுதி தேவையற்றுப் போனது. என் கணவருக்கு அவருடைய பெயரில் தனி அட்டை, தனி யூபிஐ, தனி ரகசிய எண் இருக்கும்போது, என்னுடைய வங்கிக் கடவுச்சொற்களை எழுதி வைக்க வேண்டிய காரணம் இல்லை. எழுதக் கூடாது என்றுதான் வங்கிகளும் சொல்கின்றன. மிஞ்சியவை என் கைபேசியின் திறப்பு எண்ணும் மின்னஞ்சலின் கடவுச்சொல்லும்தான். காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் ஒருமுறைக் கடவு எண்ணும் அனுமதிக் கடிதமும் இந்த இரண்டின் வழியாகத்தான் வரும்.

கைபேசிக்கு எண் எழுத வேண்டாம், என் கணவரின் கைரேகையையே சேர்த்துவிட்டால் போதும் என்று முதலில் அப்படிச் செய்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். நான் ஒரு நாள் முழுவதும் என் அம்மா வீட்டில் இருப்பது, அவர் நோட்டையும் என் கைபேசியையும் வைத்துக்கொண்டு காப்பீட்டு நிறுவனத்தின் எண்ணைக் கண்டுபிடித்து அழைப்பது, மின்கட்டணம் கட்டுவது, என் மின்னஞ்சலில் பாலிசிப் பிரதியை எடுப்பது என்று ஏற்பாடு. மருத்துவமனையில் செய்வார்களே என்று, கைபேசியை அணைத்தே கொடுத்திருந்தேன். அணைத்து மீண்டும் போட்ட கைபேசி, முதல் தடவை கைரேகையை ஏற்காது. திறப்பு எண்ணைத்தான் கேட்கும். அவர் அங்கேயே நின்றுவிட்டார். சரியாக அந்த நிலையில்தான் என் கைபேசி அறுவைச் சிகிச்சை நாளிலும் அவர் கைக்குப் போனது. அதற்குள் எண்ணை எழுதி ஓர் உறைக்குள் வைத்திருந்தோம்.

இன்னொரு தடங்கலும் அந்த ஒத்திகையில் வெளிப்பட்டது. கைபேசியின் திறப்பு எண், வங்கிச் செயலியின் எண், யூபிஐ எண், ஏடிஎம் எண் எல்லாவற்றையும் நாங்கள் 'பின்' என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். திரையில் `Enter UPI PIN` என்று வந்தபோது அவர் அட்டையின் எண்ணைப் போட்டிருக்கிறார். தொடர்ந்து தவறாகப் போட்டால் அந்தச் சேவையே தற்காலிகமாகத் தடைபடும். அதற்குப் பிறகு, எது எந்தத் திரையில் கேட்கப்படும் என்று, திரையில் வரும் சொற்களை அப்படியே ஆங்கில எழுத்தில் நோட்டில் எழுதி, அதற்கு நேரே 'அட்டையின் எண் அல்ல, நீங்கள் மனத்தில் வைத்திருப்பது' என்பது போலக் குறிப்பு வைத்தேன். எண்ணை எழுதவில்லை, எது என்பதை மட்டும் எழுதினேன்.

மின்னஞ்சலுக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பு வைத்திருக்கிறேன். என் சிம் தொலைந்தாலும் உள்ளே போக, கூகுள் தரும் மாற்றுக் குறியீடுகள் உண்டு. எட்டு இலக்கத்தில் பத்து குறியீடுகள், ஒவ்வொன்றும் ஒருமுறைக்கு மட்டும். அவற்றை அச்சிட்டு, திறப்பு எண், கடவுச்சொல் ஆகியவற்றோடு ஓர் உறைக்குள் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் இருவரும் கையெழுத்திட்டோம். உறை கிழிந்திருந்தால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. கூகுளில் `Inactive Account Manager` என்று ஒரு வசதி இருக்கிறது. நாம் கணக்கைப் பயன்படுத்தாமல் போனால் நாம் குறித்தவருக்கு அது தகவல் அனுப்பும். அதில் வைக்கக்கூடிய மிகக் குறைந்த காலமே மூன்று மாதம் என்பதால் அவசரத்துக்கு அது ஆகாது. படங்களும் கடிதங்களும் பின்னால் வீட்டாருக்குக் கிடைக்கட்டும் என்று மட்டும் அதை அமைத்தேன். என் சிம் முன்கட்டண இணைப்பு. தொடர்ந்து 90 நாள் பயன்பாடே இல்லாவிட்டால் அதைத் துண்டிக்கலாம் என்பதால், 'முதல் மாதம்' பகுதியில் அதன் ரீசார்ஜ் தேதியும் உண்டு. அந்த எண் போனால் அதோடு சேர்ந்த எல்லாக் கதவும் அடைபடும்.

என் கணவரின் பக்கங்களை எழுத அதிக நாள் பிடித்தது. அவரிடம் தாள் குறைவு, பேச்சு அதிகம். வயல் வரப்பில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பட்டா எண், சர்வே எண் இவை எளிது. ஒரு வயலை அவர் வாய்மொழியாகக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அறுவடைக்கு எத்தனை கோட்டை நெல் அளக்க வேண்டும் என்பது அவருக்கும் நிலக்காரருக்கும் மட்டும் தெரியும். அதை எழுதி, நிலக்காரரிடமே படித்துக் காட்டி, அவர் கையெழுத்தையும் வாங்கினோம். என் கணவர் கொடுத்திருந்த 40,000 ரூபாய் கைமாற்றுக்குப் புரோநோட்டு இருந்தது. கேட்டபோது வாங்கியவர் தர வேண்டிய அந்த நோட்டுக்கு, எழுதிய நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் சட்டப்படி ஆயுள். அதற்குள் அவர் வட்டியோ அசலில் ஒரு பகுதியோ செலுத்தி, அதைத் தம் கையாலேயே நோட்டின் பின்புறம் எழுதினாலோ கையெழுத்திட்டாலோ, அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். வட்டியை அவர் ஒழுங்காகக் கொடுத்து வந்திருக்கிறார். பின்புறத்தில் ஒரு வரியும் இல்லை. கெடு முடிய நான்கு மாதம் இருந்த நிலையில் அதை எழுதி வாங்கினோம். அவர் கொடுக்காமல் இருக்கப்போவதில்லை. ஆனால் இருவரில் ஒருவர் இல்லாமல் போனால் அந்தக் கடனைச் சொல்ல வேறு யாரும் இல்லை.

நகைக்கடனிலும் அதே அதிகாரச் சிக்கல் இருந்தது. நகை என்னுடையது. அடகுச் சீட்டு என் கணவர் பெயரில், கூட்டுறவுச் சங்கத்தில். வட்டியைச் சீட்டோடு போய் யாரும் கட்டலாம். மீட்பதற்கு அவர் கையெழுத்து வேண்டும். பிசான நடவுக்கு மறுபடி வைத்தபோது, தாலிச்சங்கிலியை அதில் சேர்க்காமல், மீதியை இரண்டு சீட்டுகளாக, ஒன்று அவர் பெயரிலும் ஒன்று என் பெயரிலும் வைத்தோம். இரண்டு சீட்டின் கெடுத் தேதிகளும் 'முதல் மாதம்' பகுதியில் உண்டு.

மார்கழியில் அந்தப் பகுதிகள் எப்படிப் பயன்பட்டன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் காப்பீடு நிறுவனத்தின் குழுக் காப்பீடு. வேலையை விட்டால் அதுவும் போய்விடும் என்பது அட்டையின் பக்கத்திலேயே எழுதியிருக்கும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், வீடு திரும்பும்போது இறுதி அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் காப்பீட்டு நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். இதை நோட்டில் எழுதியிருந்ததால், எப்போது காத்திருப்பது, எப்போது திரும்ப அழைப்பது என்று என் கணவருக்குக் குழப்பம் இல்லை. வீடு திரும்பும் நாளில் மூன்று மணி நேரம் கடந்ததும், மருத்துவமனையின் காப்பீட்டு முகப்பில் அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் பேசியிருக்கிறார். முன்பணத்தைக் கூட்டுக் கணக்கிலிருந்து அவருடைய அட்டையில் கட்டினார்.

நோட்டு இருக்கும் இடத்தைப் பற்றி ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகியபோது எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் பீரோவின் கீழ்த்தட்டு வரை தண்ணீர் ஏறியது. பத்திரங்களும் பாஸ்புக்குகளும் இருப்பது பெரும்பாலும் அந்தத் தட்டில்தான். அதனால் நோட்டை ஜிப் வைத்த தடித்த பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் வைத்தோம். ஜெல் பேனா ஈரத்தில் கலங்கும் என்பதால் முழுவதும் பந்துமுனைப் பேனாவால் எழுதினேன். மூலப் பத்திரங்களை லேமினேஷன் செய்யவில்லை. பின்னால் அவற்றின் மேல் முத்திரையோ குறிப்போ இட முடியாது. கடவுச்சொல் உறையைத் தவிர்த்து மற்ற பக்கங்களின் ஒளிநகல் ஒன்று பாளையங்கோட்டையில் மாடியில் குடியிருக்கும் மைனியிடம் இருக்கிறது. "இது எதுக்கு எங்கிட்ட?" என்று மைனி தயங்கினார்கள். எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஏதாவது ஆனால் மகளுக்காக இதைத் திறக்க வேண்டியவர்கள் நீங்கள்தான் என்று சொன்னதும் வாங்கிக்கொண்டார்கள்.

செலவு என்று பார்த்தால் நோட்டு 95 ரூபாய், ஜிப் உறைகள் 120 ரூபாய், ஒளிநகலும் அச்சும் 160 ரூபாய். வைப்பைப் பிரித்ததில் குறைந்த வட்டிதான் இவற்றைவிடப் பெரியது.

அடுத்த முறை செய்வதானால், எழுதுவதற்கு முன்பே அந்த நினைவில்லாத நோயாளியின் ஒத்திகையைத் தாளில் நடத்திவிடுவேன். நோட்டின் பாதிப் பக்கங்கள் பிறகு அடிக்கப்பட்டதற்குக் காரணம், மாற்ற வேண்டிய கணக்குகளை மாற்றாமலே விவரமாக எழுதியதுதான். கட்டிய நோட்டுக்குப் பதிலாக இரண்டு வளையக் கோப்பு வாங்கியிருந்தால் அந்தப் பக்கங்களை உருவிவிட்டுப் புதியதைச் செருகியிருக்கலாம். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் தேதி இருக்கிறது. 436 ரூபாய் பிடிக்கப்பட்டதா என்று பாஸ்புக்கில் பார்க்கும் வைகாசி மாதத்தில், கார் நடவு தொடங்குமுன், இருவரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிபார்ப்பது என்று வைத்திருக்கிறோம்.

இந்த வைகாசிக்கு ஒரு வேலை மீதம் இருக்கிறது. காலமான என் மாமனாரின் பெட்டியில் அவருடைய பழைய பாஸ்புக்குகள் கிடைத்திருக்கின்றன. பத்தாண்டு இயக்கமில்லாத வைப்புகளைப் பல வங்கிகளிலும் ஒரே இடத்தில் தேட, ரிசர்வ் வங்கி 2023-ல் தொடங்கிய `udgam.rbi.org.in` தளம் உதவும். பெயரோடு பிறந்த தேதியோ வாக்காளர் அட்டை எண்ணோ கொடுத்துத் தேடலாம். அவருடைய வாக்காளர் அட்டையை என் கணவர் தேடி எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.